வீட்டு சுகர் மீட்டர்: சொட்டு எடுப்பதும் எண்ணை எழுதி வைப்பதும்

"அப்பாவுக்கு 63 வயசு. சுகருக்கு மாத்திரை மட்டும் போடுறார். தினமும் காலையில வெறும் வயித்துல மீட்டர்ல பார்த்தா 110, 120ன்னுதான் வருது. ஆனா போன வாரம் லேப்ல எச்பிஏ1சி 8.4ன்னு வந்திருக்கு. சந்தேகப்பட்டு அடுத்தடுத்து ரெண்டு விரல்ல குத்திப் பார்த்தேன்: 148, 171. மீட்டர் கெட்டுப்போச்சா, நாங்க ரத்தம் எடுக்குற முறையில தப்பா? ரிசல்ட்டை எப்படி எழுதி வைக்கணும்னும் சொல்லுங்க."

மீட்டர் கெட்டுப்போனதற்கான அறிகுறி இதில் எதுவும் இல்லை. எச்பிஏ1சி 8.4 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை 194-ஐ ஒட்டி இருந்திருக்கிறது என்று பொருள். சராசரி 194 இருக்கும் ஒருவருக்குக் காலையில் 115 வருகிறது என்றால், மீதி நேரத்தில் எங்கோ 200-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்ப்பது ஒரு நாளின் மிக நல்ல நேரத்தை மட்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஊசி குத்திப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

148, 171 விஷயத்துக்கும் பதில் எளிது. வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன் 2013 பதிப்பு, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முடிவுகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. 100-க்குக் கீழே 15 மி.கி. வரை கூடலாம், குறையலாம். அப்பாவின் உண்மை அளவு 160 என்று வைத்துக்கொள்ளுங்கள். 136-இலிருந்து 184 வரை எது காட்டினாலும் அந்த மீட்டர் தரத்துக்கு உட்பட்டதே. 148-உம் 171-உம் அதற்குள் வசதியாக உட்காருகின்றன. இரண்டு தடவை குத்திப் பார்த்து எது சரி என்று தேடினால் நிம்மதிதான் போகும், விரலும் புண்ணாகும்.

இருந்தாலும் நீங்கள் கேட்ட கேள்வி சரியான கேள்விதான். மீட்டரின் இந்த 15 சதவீதத்தை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேல் நம் கையால் நாமே சேர்க்கிற பிழை இருக்கிறதே, அது சில சமயம் 15 அல்ல, 150 கூட ஆகும். நான் சர்க்கரை நோய்ப் பிரிவில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்து, நூற்றுக்கணக்கானவர்களுக்கு மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஒன்றும் சொல்ல மாட்டேன். "நீங்க வீட்ல எப்படிப் பார்ப்பீங்களோ அப்படியே இப்ப பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் கை. ஒரு முறை ஒருவர் மீட்டரைக் காட்டி, "சாப்பிடறதுக்கு முன்னாடியே 287 வருது சிஸ்டர்" என்று பதறிக்கொண்டு வந்தார். உட்கார வைத்துப் பேசும்போது, காத்திருந்த நேரத்தில் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டதாகச் சொன்னார். அதில் பாதியைக்கூட முடிக்கவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, அதே மீட்டரில் திரும்பப் பார்த்தோம்: 134. இதில் மாயம் எதுவும் இல்லை. சர்க்கரை 100 இருக்கும்போது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோகிராம் குளுக்கோஸ், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஸ்ட்ரிப் உறிஞ்சுவதோ அநேகமாக ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாற்றின் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று போதும், எண் இரட்டிப்பாகும்.

ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பு என்பது வசதிக்காக மட்டும் இல்லை, விரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், சொட்டு சுலபமாக வரும். கழுவிய பிறகு ஈரம் இல்லாமல் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரக் கையில் சொட்டு தண்ணீரோடு கலந்து பரவும், எண் குறைத்துக் காட்டும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பது பலருக்குப் பழக்கம். தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது சரி, ஆனால் முழுதாகக் காய்ந்த பிறகே குத்த வேண்டும். கிருமிநாசினி ஜெல்லைக் கை கழுவியதற்குச் சமமாக நினைக்காதீர்கள். அது கிருமியைக் கொல்லும், ஒட்டியிருக்கும் இனிப்பை எடுக்காது.

முதல் சொட்டா, இரண்டாவது சொட்டா என்று எல்லோரும் கேட்பார்கள். கை கழுவித் துடைத்திருந்தால் முதல் சொட்டே போதும். கழுவ வழியே இல்லாத சமயத்தில் முதல் சொட்டைச் சுத்தமான பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். உங்கள் மீட்டரின் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள். எதைச் செய்தாலும் தினமும் ஒரே மாதிரி செய்வது நல்லது.

அடுத்து ஸ்ட்ரிப். குப்பியிலிருந்து ஒன்றை எடுத்த அந்த நொடியே மூடியை அழுத்தி மூடிவிடுங்கள். ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸோடு வினைபுரியும் நொதி ஒன்று காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. ரத்தம் பட்டதும் அந்த வினையில் உண்டாகும் மெல்லிய மின்னோட்டத்தைத்தான் மீட்டர் அளக்கிறது. நொதிக்கு ஈரமும் வெப்பமும் ஆகாது. அதனால்தான் குப்பிக்கு உள்ளேயே ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். சௌகரியத்துக்காகப் பத்து ஸ்ட்ரிப்பை மாத்திரை டப்பாவுக்கு மாற்றிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, குளியலறை, வெயிலில் நிற்கும் வண்டி, குளிர்சாதனப் பெட்டி இவை எதுவுமே ஸ்ட்ரிப் வைக்கிற இடம் இல்லை. பெரும்பாலான குப்பிகளில் 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று போட்டிருக்கும். காலாவதித் தேதியோடு, குப்பியைத் திறந்த பிறகு எத்தனை மாதம் என்று தனியாகவும் சில நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. திறந்த அன்றே குப்பியின் மேல் பேனாவால் தேதி எழுதிவிட்டால் பிறகு யோசிக்க வேண்டியதில்லை. பழைய மாடல் மீட்டராக இருந்தால் குப்பியில் இருக்கும் குறியீட்டு எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். இப்போது வரும் மீட்டர்கள் பலவற்றுக்கு இது தேவையில்லை.

ஸ்ட்ரிப்பைச் செருகியதும் திரையில் சொட்டுப் படம் மினுக்கும். அப்போதுதான் குத்த வேண்டும். முன்கூட்டியே குத்திவிட்டு ஸ்ட்ரிப்பைத் தேடினால் சொட்டு உறைய ஆரம்பித்துவிடும்.

குத்தும் இடம் விரல் நுனியின் நடு அல்ல, பக்கவாட்டு. நடுவில்தான் தொடு உணர்வு நரம்புகள் அதிகம், வலியும் அங்கேதான் அதிகம். நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்கப் பொருளைப் பிடிக்கிறவை, அவற்றை விட்டுவிடுவது நல்லது. லான்சிங் பேனாவின் ஆழத்தை முதலில் குறைவான எண்ணில் வையுங்கள். சொட்டு வரவில்லை என்றால் அடுத்த முறை ஒரு எண் கூட்டுங்கள். தோல் தடித்த கைகளுக்கு 4, 5 வரை போக வேண்டியிருக்கும். லான்செட் ஊசி ஒரு தடவைக்குத்தான். "வீட்ல ஒருத்தருக்குத்தானே, ஒரு வாரம் ஓடும்" என்று நிறையப் பேர் வைத்திருப்பார்கள். முனை மழுங்கிவிடும், அப்புறம் வலிக்கிறது என்று ஆழத்தைக் கூட்டுவார்கள். அது அவரவர் விரல். ஆனால் ஒருவருடைய ஊசியையோ லான்சிங் பேனாவையோ இன்னொருவர் தொடவே கூடாது. கணவன் மனைவியாக இருந்தாலும் கூடாது. ரத்தத்தால் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமிகள் அந்த வழியாகப் போகும்.

குத்திய பிறகு நடக்கும் மூன்று நான்கு நொடிகளில்தான் எனக்குத் தெரிந்த பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. குத்தியதும் விரல் நுனியை நகத்தோடு சேர்த்து ஒரு பிழி பிழிவார்கள். அப்படிப் பிழிந்தால் ரத்தத்தோடு திசுக்களில் இருக்கும் நீரும் சேர்ந்து வரும், எண் நம்பத்தக்கதாக இருக்காது. அதற்குப் பதில் குத்துவதற்கு முன்பே கையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு ஒரு பத்து நொடி ஆட்டுங்கள். குத்திய பிறகு உள்ளங்கையிலிருந்து விரல் நுனி நோக்கி மெதுவாக ஒரு நீவு, விட்டுவிட்டு இன்னொரு நீவு. குண்டூசித் தலை அளவுக்கு உருண்டையாக ஒரு சொட்டு நிற்கும். அது போதும்.

சொட்டை ஸ்ட்ரிப்பின் மேல் தலையில் வைக்காதீர்கள், தேய்க்கவும் செய்யாதீர்கள். ஸ்ட்ரிப்பின் விளிம்பில் ஒரு மெல்லிய வாய் இருக்கும். அந்த விளிம்பைச் சொட்டின் ஓரத்தில் தொட்டால் போதும், அதுவே குடித்துக்கொள்ளும். சின்ன ஜன்னல் ஒன்று நிறம் மாறி முழுதாக நிறைவதைப் பார்க்கலாம். பாதிதான் நிறைந்தது என்றால், மேலே இன்னொரு சொட்டைச் சேர்ப்பது எல்லா மீட்டரிலும் சரிவராது. சில மாடல்கள் சில நொடிகளுக்குள் சேர்க்க அனுமதிக்கின்றன. கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் சேர்க்கலாம். இல்லையென்றால் அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள். போதாத ரத்தத்தில் சில மீட்டர் பிழைச் செய்தி காட்டி ஒதுங்கிக்கொள்ளும், சில ஒரு எண்ணைக் காட்டித் தொலைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து. பிறகு சுமார் ஐந்து நொடியில் எண் வரும். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுதிவிடுங்கள். லான்செட்டை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள், குப்பைப் பையில் நேரே போடாதீர்கள்.

உள்ளங்கையிலோ முன்கையிலோ குத்தலாம் என்று சில மீட்டர்கள் சொல்கின்றன. சர்க்கரை நிலையாக இருக்கும் வெறும் வயிற்று நேரத்தில் பரவாயில்லை. சாப்பிட்ட பிறகு, நடந்த பிறகு, தாழ்சர்க்கரை சந்தேகம் வரும்போது வேண்டாம். சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும் நேரத்தில் முன்கை ரத்தம் விரல் ரத்தத்தைவிடப் பின்தங்கியே காட்டும்.

மீட்டர்மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் கன்ட்ரோல் சொல்யூஷன் வாங்கிப் பாருங்கள். குளுக்கோஸ் அளவு தெரிந்த திரவம் அது. புட்டியைக் குலுக்கி, முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு, அடுத்ததைச் சுத்தமான பரப்பில் விட்டு ஸ்ட்ரிப்பால் தொட வேண்டும். ஸ்ட்ரிப் குப்பியின் மேல் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் எண் விழுந்தால் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் சரி. உங்கள் கை சரியா என்பதை அது சொல்லாது. மீட்டரில் கன்ட்ரோல் முறைக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணும் அப்பாவின் சராசரியில் போய்ச் சேரும். புதுக் குப்பி திறக்கும்போதும், மீட்டர் கீழே விழுந்த பிறகும், எண்கள் உடம்போடு ஒத்துப்போகாதபோதும் இதைச் செய்யலாம்.

லேபோடு ஒப்பிட வேண்டும் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. வெறும் வயிற்றில், லேபில் நரம்பில் ரத்தம் எடுக்கும் அதே ஐந்து பத்து நிமிடத்துக்குள், அங்கேயே உட்கார்ந்து உங்கள் மீட்டரில் பார்க்க வேண்டும். காலையில் வீட்டில் பார்த்ததையும் பத்து மணிக்கு லேபில் எடுத்ததையும் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. சாப்பிட்ட பிறகு ஒப்பிடுவதும் வேண்டாம். அந்த நேரத்தில் விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். இரண்டும் 15 சதவீதத்துக்குள் இருந்தால் மீட்டரை விட்டுவிடுங்கள். இன்னொன்று, அப்பாவுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிவப்பணுக்கள் மிகக் குறைந்தால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும், எச்பிஏ1சி எண்ணும் நம்பிக்கை இழக்கும். ஊசி வழியாக அதிக அளவு வைட்டமின் சி ஏற்றிக்கொண்டவர்களுக்கும் சில மீட்டர்கள் தவறாகக் கூட்டிக் காட்டும்.

இனி எழுதி வைக்கும் விஷயம். உங்கள் கேள்விக்கு உண்மையான விடை இங்கேதான் கிடைக்கப் போகிறது. மீட்டரே எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்கிறதே, எதற்கு நோட்டு என்பார்கள். மீட்டருக்குத் தெரிந்தது எண்ணும் நேரமும் மட்டும். அந்த நேரம்கூடச் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளியின் மீட்டரில் பேட்டரி மாற்றிய பிறகு மணி பன்னிரண்டு மணி நேரம் தள்ளிப் போயிருந்தது. காலை 7 மணி எண்ணெல்லாம் இரவு 7 மணியில் கிடந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அருமையாக இருக்கிறது என்று நாங்களும் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரையில் காட்டும் 14 நாள் சராசரியையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் காலையில் மட்டும் பார்த்தால் அது காலைகளின் சராசரி. உங்கள் அப்பாவின் மீட்டர் 116 என்று சொல்லும், உடம்போ 194-இல் இருக்கும்.

நான் சொல்வது ஜோடிப் பரிசோதனை. ஒரு நாளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் ஒன்று, சாப்பாட்டின் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. சாப்பிட்டு எழுந்த நேரத்திலிருந்து கணக்கு வைத்தால் ஒரு நாள் இரண்டே கால் மணி, ஒரு நாள் மூன்று மணி என்று ஆகி, எண்களை ஒப்பிட முடியாது. இன்று காலை வேளை, நாளை மதியம், மறுநாள் இரவு என்று சுற்றிச் சுற்றி வந்தால் ஒரு வாரத்தில் பதினான்கு ஸ்ட்ரிப்பில் மூன்று வேளையும் குறைந்தது இரண்டு தடவை பதிவாகிவிடும். இப்போது தினமும் ஒன்று செலவு செய்கிறீர்கள், அந்த ஒரு வாரம் மட்டும் இரண்டு.

நீங்கள் சொன்ன எண்களை வைத்து அப்பாவின் நோட்டு எப்படி இருக்கலாம் என்று ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். இவை கற்பனை எண்கள், முறையைப் பாருங்கள்.

| நாள் | வேளை | முன் | 2 மணி பின் | ஏற்றம் | குறிப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | காலை | 118 | 231 | 113 | வழக்கமான அளவு, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார் |
| 2 | மதியம் | 142 | 204 | 62 | வழக்கமான அளவு |
| 3 | இரவு | 139 | 187 | 48 | வழக்கமான அளவு |
| 4 | காலை | 114 | 226 | 112 | வழக்கமான அளவு, சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார் |
| 5 | மதியம் | 150 | 198 | 48 | வழக்கமான அளவு |
| 6 | இரவு | 144 | 241 | 97 | விருந்து, மாத்திரை ஒரு மணி நேரம் தாமதம் |
| 7 | காலை | 121 | 172 | 51 | மாவுச்சத்து பாதி அளவு, பின் 20 நிமிட நடை |

இதை வரிசையாக மேலிருந்து கீழே படிக்காதீர்கள். ஒரே வேளையைச் சேர்த்துப் படியுங்கள். காலை வேளையில் முதல் நாளும் நான்காம் நாளும் ஏற்றம் 113, 112. இரண்டு தடவையும் ஒரே மாதிரி, எனவே அது தற்செயல் இல்லை. மதியத்தில் 62, 48. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை மீட்டரின் பிழையே விழுங்கிவிடும், அதில் அர்த்தம் தேட வேண்டாம். இரவில் ஒரு நாள் 48, ஒரு நாள் 97. குறிப்பு இல்லாமல் இருந்தால் இந்த 241 எல்லோரையும் கலவரப்படுத்தியிருக்கும். விருந்தும் மாத்திரைத் தாமதமும் பக்கத்திலேயே எழுதியிருப்பதால் மருத்துவர் அதை அப்படியே தாண்டிப் போவார்.

ஏழாம் நாள்தான் சுவாரசியம். வழக்கமான அளவில் 231, 226 வந்த அதே வேளைக்கு இப்போது 172. இந்த அளவு இறக்கத்தை மீட்டர் பிழையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. ஆனால் சாப்பாட்டைக் குறைத்ததாலா, நடந்ததாலா? ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிட்டதால் தெரியாது. அடுத்த வாரம் ஒரு காலை அளவை மட்டும் குறைத்து உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள், இன்னொரு காலை வழக்கமான அளவு சாப்பிட்டு நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவையாவது பார்த்த பிறகு முடிவுக்கு வாருங்கள்.

குறிப்புப் பத்தியில் கட்டுரை எழுத வேண்டாம். சாப்பாடு வழக்கமா கூடவா குறைவா, மாத்திரை நேரத்துக்குப் போட்டாரா, உடம்பை அசைத்தாரா, காய்ச்சல் சளி போன்ற ஏதாவது இருந்ததா. இந்த நான்கில் வழக்கத்துக்கு மாறாக இருப்பதை மட்டும் எழுதினால் போதும். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கொடுத்திருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள், சர்க்கரையை அது நாள் கணக்கில் தூக்கிவிடும். நல்லதாகத் தெரியாத எண்ணை எழுதாமல் விடுவது மனித இயல்பு. மருத்துவரிடம் திட்டு வாங்கப் பயந்து எண்ணைக் குறைத்து எழுதியவர்களும் உண்டு, மீட்டரின் நினைவகம் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட மோசம், அந்தப் பொய் எண்ணை நம்பி மாத்திரை அளவு முடிவாகும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்த அட்டவணையில் யூனிட் அளவுக்கும் போட்ட நேரத்துக்கும் இரண்டு பத்திகள் கூட வேண்டும். அவர்கள் எப்போதெல்லாம் பார்க்க வேண்டும் என்பது இன்சுலின் வகையைப் பொறுத்தது, அது தனிக் கணக்கு.

எண்ணை எதோடு ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். கர்ப்பிணி அல்லாத பெரும்பாலான பெரியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்வது சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் 180-க்குக் கீழே. வயதானவர்களுக்கும் இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் மருத்துவர் இதைத் தளர்த்துவார், கர்ப்பிணிகளுக்கு இறுக்குவார். அப்பாவுக்கான எல்லையைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மீட்டர் திரையில் mmol/L என்று இருந்தால் அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நாம் இங்கே பேசும் mg/dL கிடைக்கும். 6.5 என்று பார்த்துவிட்டு யாரும் பதற வேண்டாம், அது 117.

இரண்டு சமயங்களில் நோட்டு காத்திருக்கலாம். ஒன்று, எண் 70-க்குக் கீழே போகும்போது. அவர் விழிப்போடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதனை, இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவு மறுபடியும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குளுக்கோஸ் பொடியைக் கையால் எடுத்துக் கொடுத்த, வாங்கிய அதே விரலில் குத்தினால் எண் அள்ளிக்கொண்டு ஏறும், சரியாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவீர்கள். விரலைக் கழுவிவிட்டே பாருங்கள். வியர்த்து நடுங்குகிறார், மீட்டர் பக்கத்தில் இல்லை என்றால் பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் முதலில் சர்க்கரையைக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் அவசர உதவியை அழையுங்கள்.

இன்னொன்று, திரையில் எண்ணுக்குப் பதில் HI என்று வரும்போது. அது வணக்கம் இல்லை, மீட்டரால் அளக்க முடியாத உயரம் என்று அர்த்தம். பல மாடல்களில் 600-க்கு மேல். LO என்றால் அதே மாதிரி அடிமட்டம், பல மாடல்களில் 20-க்குக் கீழே. HI வந்தால் கை கழுவிப் புது ஸ்ட்ரிப்பில் ஒரு முறை பாருங்கள். மறுபடியும் அதே என்றால் அன்றைக்கே, அப்போதே மருத்துவமனை. LO வந்து ஆளும் சோர்வாக இருந்தால் மறு பரிசோதனைக்கு நிற்காமல் மேலே சொன்னபடி சர்க்கரை. வேறு பிழைச் செய்திகளில் பெரும்பாலானவை ரத்தம் போதவில்லை, ஸ்ட்ரிப் ஏற்கெனவே பயன்படுத்தியது, அறை வெப்பம் எல்லை மீறியது என்பவைதான். எந்தப் பிழை எண்ணுக்கு எது காரணம் என்று கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

நாளை காலையிலிருந்தே தொடங்குங்கள். அப்பா வழக்கம்போல் சாப்பிடட்டும், உங்களுக்காக அளவைக் குறைக்க வேண்டாம். முதல் வாய் வைக்கும்போது மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வையுங்கள். ஏழு நாள் முடிந்ததும் நோட்டையும் மீட்டரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். எண்கள் வந்த பிறகு இங்கேயே எழுதினால் எந்த வேளையைத் திரும்பப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.